சுவருக்குள் ஒரு செங்கல் அளவு காற்று

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குள் லாரிகள் நுழைந்து வெளியேறும் நேரத்தில், இந்த நகரத்தின் சுவர்களுக்கு நேர்ந்த மாற்றத்தை அங்கிருந்தே படித்துவிடலாம். ஜார்ஜ் டவுனின் நெருக்கடியான தெருக்களில் நடந்துகொண்டிருந்த இரும்பு வணிகத்துக்கென்று பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஒதுக்கிய இடம் இது. இங்கே ஏற்றப்படும் முறுக்குக் கம்பிகள் ஊரெங்கும் தூண்களாகவும் உத்தரங்களாகவும் எழுந்து நிற்கின்றன. தூணும் உத்தரமும் பாரம் தாங்கத் தொடங்கிய நாளில் சுவர் தன் பழைய வேலையை இழந்தது. தலைமுறை தலைமுறையாகக் கூரையைச் சுமந்து வந்த சுவருக்கு இப்போது எஞ்சியிருப்பது மறைப்பு வேலை மட்டும். சுமக்காத சுவருக்குத் தடிமன் எதற்கு என்று கேட்டார்கள். 9 அங்குலம் நாலரை அங்குலமாயிற்று. சில இடங்களில் அதுவும் போய் 4 அங்குல சிமென்ட் கல்லாயிற்று. சுவர் இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது என்பதும், அதில் ஒன்றை மட்டுமே கம்பி எடுத்துக்கொண்டது என்பதும் சித்திரை வெயில் வந்தபோதுதான் தெரிந்தது. வெயிலைத் தடுக்கும் வேலைக்கு ஆள் இல்லாமல் போனது.

இந்த வட்டாரத்தின் பழைய கட்டடங்களுக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும். 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையம் அந்தத் தலைமுறையின் சாட்சி. சுண்ணாம்புச் சாந்தில் மெலிந்த செங்கல்லை அடுக்கிக் கனத்த சுவர் எழுப்பிய காலம் அது. அந்தச் சுண்ணாம்பு மலையிலிருந்து வெட்டிய கல்லில் பிறந்ததன்று. பழவேற்காட்டுப் பக்கத்து உவர்நீரில் விளைந்த கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு எடுத்தது. 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் எண்ணூர் வரை வெட்டிய கால்வாய், பிறகு 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின் நிவாரணப் பணியில் நீட்டிக்கப்பட்டுப் பக்கிங்காம் என்ற ஆளுநரின் பெயரைப் பெற்றது. அதன் வழியே விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகுகளில் நகரத்துக்குள் வந்தன. இன்று கழிவு நீரைச் சுமந்து போகும் அதே கால்வாய்தான். சென்னையின் தடித்த சுவர்கள் அதன் முதுகில் வந்திறங்கியவை என்று சொன்னால் நம் பிள்ளைகள் நம்புவார்களா என்பது ஐயமே.

அந்தக் காலத்துக் கொத்தனார்களுக்குச் செங்கல்லை விளிம்பில் நிமிர்த்தி வைப்பது புதிய வித்தையன்று. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் வாங்கிய கட்டைக்குத்துத் தளத்தில், தேக்கு வாரைகளின் மேல் சிறிய அச்சுக்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக நெருக்கி அடுக்கிப் போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டி இறுக்குவார்கள். விளிம்பில் நின்ற கல் தளத்தைத் தாங்கியது. ஆனால் அதே உத்தியைச் சுவருக்குக் கொண்டுவர அவர்களால் முடிந்திருக்காது. ஓர் அங்குல, ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள கல்லை நிமிர்த்தி நிறுத்திச் சுவர் எழுப்பினால் அது நிற்காது. அதற்கு வேறொரு உருவத்தில் செங்கல் வர வேண்டியிருந்தது.

ஆங்கில ஆட்சியின் பொதுப்பணித் துறைகள் வழியே 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குலத் தடிமன் என்ற கல் நம் நாட்டில் வேரூன்றியது. சூளைகள் பெருகின. நம் மாகாணத்துக்கு இன்னொரு முதன்மையும் உண்டு: இந்தியாவின் முதல் முறையான சிமென்ட் முயற்சி 1904-இல் சென்னையில்தான் நடந்தது, அதுவும் கடற்சிப்பியை மூலப்பொருளாகக் கொண்டு. அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆனால் கிளிஞ்சல் கடைசியாக ஒருமுறை சுவரில் இடம்பிடிக்க முயன்றதையும், அதன் பிறகு சுண்ணாம்பு மெல்லமெல்ல ஒதுங்கியதையும் அந்த ஓர் ஆண்டு சொல்லிவிடுகிறது. சிமென்டும் 3 அங்குலக் கல்லும் சேர்ந்த பிறகே நான் சொல்ல வந்த எலிப்பொறிக் கட்டுக்கு இங்கே இடம் பிறந்தது.

அதன் அமைப்பு எளிது. வழக்கமான 9 அங்குலச் சுவரில் கல் படுத்திருக்கும். இதில் எல்லாக் கல்லும் விளிம்பில் நிற்கும். வெளிமுகத்தில் நீளவாட்டில் ஒரு கல், உள்முகத்தில் அதற்கு நேரே இன்னொரு கல். இரண்டும் 3 அங்குலத் தடிமன். நடுவே 3 அங்குல இடைவெளி. அந்த இணை முடியும் இடத்தில் ஒரு கல் குறுக்கே நின்று, தன் 9 அங்குல நீளத்தால் இரு முகங்களையும் பிணைக்கும். மீண்டும் ஓர் இணை, மீண்டும் ஒரு குறுக்குக் கல். அடுத்த வரியில் குறுக்குக் கல் கீழ்வரியின் நீளவாட்டுக் கல்லின் நடுவில் வந்து உட்காரும். ஓர் இணையும் ஒரு குறுக்குக் கல்லும் சேர்ந்த துண்டை எடுத்துக்கொண்டு, சாந்தை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால் ஓர் அழகு புலப்படும். 12 அங்குல நீளம், 9 அங்குலத் தடிமன், நாலரை அங்குல உயரம் உள்ள அந்தத் துண்டு நான்கு செங்கல்லின் கன அளவு கொண்டது. அதில் செங்கல் மூன்று. நடுவில் அடைபட்ட வெற்றிடம் 9 அங்குலம், நாலரை அங்குலம், 3 அங்குலம். மிகச் சரியாக ஒரு செங்கல் அளவு. நான்காவது கல்லின் இடத்தில் காற்று நிற்கிறது.

கல்லின் நீளம் தடிமனைப்போல் மூன்று மடங்காக இருப்பதால்தான் இந்தப் பொருத்தம் அமைகிறது. விகிதம் மாறினால் கட்டே மாறிவிடும். நம் தர நிர்ணயக்காரர்கள் மெட்ரிக் முறைக்கு ஏற்ப 190 மில்லிமீட்டர் நீளமும் 90 அகலமும் 90 தடிமனும் கொண்ட ஒரு மாதிரிக் கல்லை வகுத்தார்கள். அந்தக் கல்லை இப்படி நிமிர்த்தினால் இரு பக்கமும் 90, 90 போக நடுவில் மிஞ்சுவது 10 மில்லிமீட்டர். சாந்து போகும் சந்து அது, காற்றறை அன்று. தென்னாட்டுச் சூளைகள் அந்த அளவைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் பழைய 9 அங்குலக் கல்லையே அறுத்துச் சுட்டுக்கொண்டிருந்தது, இந்த ஒரு காரணத்துக்காகவாவது நல்லதாயிற்று. சில சமயம் பழக்கத்தின் சோம்பலும் ஒரு கலையைக் காப்பாற்றும்.

இந்தக் கட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சிக்கனம் எங்கெல்லாம் தேவைப்பட்டதோ அங்கெல்லாம் முளைத்திருப்பது தெரிகிறது. சீனத்தின் தென்பகுதி ஊர்களில் உள்ளீடற்ற செங்கற்சுவர் நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. தென் இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டச் சுவர்களுக்கும், பண்ணைக் கட்டடங்களுக்கும், கூலித் தொழிலாளர் குடில்களுக்கும் இதைக் கையாண்டார்கள். பெரிய மனிதர்களின் மாளிகைகளில் இது இடம்பெறவில்லை. மலிவு வேலை என்ற முத்திரை அன்றே விழுந்தது. பிறகு இங்கிலாந்தில் வேறு வகை இரட்டைச் சுவர் பரவியபோது இது மறக்கப்பட்டது. நம் பக்கம் அதை மீட்டவர் பர்மிங்காமில் 1917-இல் பிறந்த லாரி பேக்கர். போர்க்காலத்தில் சீனத்தில் மருத்துவ உதவிப் பணி செய்து, ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியைச் சந்தித்து, 1945-இல் இந்தியாவுக்கே வந்துவிட்ட கட்டடக் கலைஞர். தொழுநோய் மருத்துவமனைகளுக்காகவும் இமயமலைக் கிராமங்களிலும் உழைத்த பிறகு திருவனந்தபுரத்தில் தங்கி, அங்கே எழுப்பிய நூற்றுக்கணக்கான வீடுகளில் இந்தச் சுவரைத் திரும்பத் திரும்பக் கையாண்டார். 1985-இல் திருச்சூரில் தோன்றிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் அவரது வழியைக் கொத்தனார்களின் கைக்குப் பயிற்சியாகக் கொடுத்தது. 2007-இல் அவர் மறைந்தார். கேரளத்தில் அந்தக் கை இன்னும் இருக்கிறது. செங்கல்லும் சூளையும் குறைவின்றி இருந்த நம் வடசென்னையில் அது பரவவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவின் முதல் வரைவைப் போட்டவர் பேக்கர்தான். அவர் நம் நகரத்தின் தென்வாசல் வரை வந்தார் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கலாம்.

சிக்கனம் எவ்வளவு என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை, நான்கில் ஒரு பங்கு. காகிதத்தில் அது சரி. சாத்தாங்காட்டில் 10 அடிக்கு 12 அடி அளவில் ஓர் அறை கட்டுவதாக வைத்துக்கொண்டு சுவரில் ஏறிப் பார்ப்போம். 10 அடி உயரம். ஒரு கதவு, இரண்டு ஜன்னல் போக ஏறக்குறைய 400 சதுர அடிச் சுவர். படுக்கைக் கல்லில் 9 அங்குலச் சுவராக எழுப்பினால் 3,600 கல் அளவில் ஆகும். எலிப்பொறிக் கட்டில் சாந்தின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2,850 சொச்சம். நான்கில் ஒன்று என்பது சாந்து சேர்ந்தவுடனேயே ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல் என்று இறங்கிவிட்டது. அதோடு முடியவில்லை. அடிமட்டத்தில் முதல் வரி, ஜன்னலின் அடிமட்டம், லிண்டல் மட்டம், கூரை உட்காரும் கடைசி வரி ஆகியவற்றை வெற்றிடமின்றி நிறைத்துக் கட்ட வேண்டும். கதவு, ஜன்னல் நிலைகள் உட்காரும் ஓரங்களிலும் மூலைகளிலும் அப்படியே. இவற்றையெல்லாம் கழித்தால் நிஜமாக மிஞ்சுவது 600 கல் அளவில். ஆறில் ஒரு பங்கு. ஒரு கல் 3 கிலோ என்றாலும் ஏறக்குறைய 2 டன் மண் சுடப்படாமல் பூமியிலேயே தங்குகிறது. கலவை, சுவர் முழுக்கப் பரவாமல் இரு விளிம்புகளில் மட்டும் போவதால், நடுப்பகுதியில் அதன் செலவு ஏறக்குறையப் பாதியாகக் குறையும். சுவரின் எடையும் குறைவதால் அஸ்திவாரத்துக்கும் சற்று இளைப்பாறல்.

இந்தக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. சிக்கனம் என்பதெல்லாம் 9 அங்குலச் சுவரோடு ஒப்பிடும்போது மட்டுமே. கம்பித் தூண்களுக்கு நடுவே நாலரை அங்குலச் சுவர் எழுப்புகிறவருக்கு அதே அறைக்கு 1,800 கல் போதும். அவரிடம் போய் எலிப்பொறிக் கட்டு மலிவு என்று சொன்னால் சிரிப்பார், சிரிப்பதும் நியாயம். அவருக்கு அது 1,200 கல் கூடுதல் செலவு. அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த 1,200 கல்லுக்கு அறைக்குள் என்ன கிடைக்கும்?

அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. 3 அங்குலக் காற்றறை, அதே தடிமனுள்ள செங்கல்லைவிட ஏறக்குறைய இரு மடங்கு வெப்பத்தைத் தடுக்கும் என்று பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். ஆனால் சுவரின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, வெளியிலிருந்து உள்வரை நேராகப் போகும் குறுக்குக் கல்; வெயில் அந்தப் பாலத்தின் வழியே நடந்து உள்ளே வரும். ஆகவே முழுச் செங்கற்சுவரோடு ஒப்பிட்டால் லாபம் பத்துப் பதினைந்து விழுக்காட்டுக்குள் அடங்குவதுதான். சிலர் சொல்வதுபோல் அறையைக் குளிர்பதனப் பெட்டியாக்கும் மாயம் ஒன்றும் இல்லை. நாலரை அங்குலச் சுவரோடு வைத்துப் பார்த்தால் கதை மாறுகிறது: அந்த மெல்லிய சுவர் வழியே வரும் வெப்பம் இதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். பிற்பகல் முழுதும் மேற்கு வெயில் வாங்கும் சுவர் எதுவோ, அதற்கு மட்டுமாவது இந்தக் கட்டைக் கொடுத்தால் மாலை ஏழு மணிக்கு அந்தச் சுவரில் முதுகு சாய்க்க முடியும். ஒற்றைத் தள வீட்டில் வெப்பத்தின் பெரும்பங்கு தலைக்குமேல் இருந்து இறங்குகிறது என்பதையும் மறைக்கக்கூடாது. தகரக் கூரையின் கீழே எந்தச் சுவரும் அறையைக் காப்பாற்றாது. பேக்கரும் சுவரை மட்டும் நம்பியிருக்கவில்லை; கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் ஓடுகளைப் பதித்துக் கூரையையும் இலேசாக்கினார்.

கட்டும் முறையில்தான் இது பிழைப்பதும் சாவதும். கல் நேராக, நன்றாக வெந்ததாக, முனை மழுங்காததாக இருக்க வேண்டும். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். நாட்டுச் செங்கல்லில் ஒன்று எட்டரை அங்குலம், ஒன்று ஒன்பதேகால் என்று வந்தால், குறுக்குக் கல் ஒரு முகத்தில் துருத்தும், மறு முகத்தில் பள்ளம் விழும். பூச்சில் சரிசெய்துகொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்வார். ஒன்றரை அங்குலப் பூச்சில் மிச்சம் பிடித்த சிமென்ட் முழுதும் போய்விடும். சேம்பர் செங்கல்லாக இருந்தால் பூசாமலே சந்து மட்டும் தீர்த்து விட்டுவிடலாம். பள்ளமுள்ள முகம் காற்றறையைப் பார்த்திருக்க வேண்டும். கலவை போடும்போது 3 அங்குலப் பட்டை மரம் ஒன்றை இடைவெளியின் மேல் வைத்து மூடிக்கொண்டு போட்டு, பிறகு அதை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கரண்டியிலிருந்து நழுவும் கலவை உள்ளே விழுந்து குவிந்தால் இரண்டு முகங்களுக்கும் நடுவே ஈரப் பாலம் ஒன்று உருவாகிவிடும். ஜன்னலின் அடிமட்டத்தையும் லிண்டல் மட்டத்தையும் மூடுமுன் ஒரு டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது போதும். கீழ்வரை ஒளி போகிறதா என்பது தெரிந்துவிடும். மேலும் கீழும் வரிகளில் அறைகள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதால், மின்குழாயை உள்ளேயே இறக்கிவிடலாம். ஆனால் எங்கே வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கட்டி முடித்தபின் சுவரைக் கொத்தி வழி தேடுகிறவர் 3 அங்குல ஓட்டை உடைத்துத் தள்ளிவிடுவார். கனமான அலமாரியையோ தண்ணீர்த் தொட்டியையோ தாங்க வேண்டிய இடங்களையும் முன்னரே குறித்து அங்கே நிறைத்துக் கட்டிவிடுவார்கள்.

நம் வட்டாரத்துக்கென்று இரண்டு தொல்லைகள் கூடவே நிற்கின்றன: உப்பும் வெள்ளமும். எண்ணூர்க் கழியின் காற்றிலும் மண்ணிலும் உப்பு உண்டு. அடிமட்டத்தில் ஓதம் ஏறாமல் தடுக்கும் படலம் போடாவிட்டால் எந்தச் சுவரும் உப்புப் பூத்து உதிரும், 3 அங்குல ஓடு இன்னும் விரைவாக உதிரும். மூலைகளில் உறுதிக்காக வெற்றிடத்துக்குள் கம்பி இறக்குகிறவர்கள் அதைக் கான்கிரீட்டால் முழுதும் மூட வேண்டும். காற்றில் நிற்கும் கம்பி இங்கே துருப்பிடித்துச் சுவரையே பிளக்கும். வெள்ளம் இன்னும் மோசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கங்களில் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. உள்ளீடற்ற சுவருக்குள் அந்த நீர் இறங்கினால் வெளியேற வழி இல்லை. ஆகவே இங்கே கட்டுகிறவர்கள் பேஸ்மட்டத்துக்குமேல் தங்கள் தெருவில் வெள்ளம் நின்ற உயரம் வரையும் நிறைசுவராக எழுப்பி, அதற்கும் மேலேதான் எலிப்பொறிக் கட்டைத் தொடங்க வேண்டும். வெளிமுகத்தின் அடிவரியில் நீர் கசிந்து வெளிவரச் சிறு துளைகளும் விட வேண்டும். அப்படிச் செய்தால் சிக்கனம் இன்னும் குறையும். வடகிழக்குப் பருவமழையின் சாய்ந்தடிக்கும் சாரலில், உள்முகத்தில் குறுக்குக் கற்கள் இருக்கும் இடங்களில் மட்டும் வரிசையாக ஈரத் திட்டு தெரிந்தால் வெளிச்சந்து சரியாகத் தீர்க்கப்படவில்லை என்று பொருள். ஒழுங்கின்றி ஓரிடத்தில் மட்டும் தெரிந்தால் உள்ளே கலவை குவிந்திருக்கிறது.

இந்தக் கட்டுக்கு மிகப் பொருத்தமான கல் நம் அருகிலேயே பிறக்கிறது என்பது வரலாற்றின் ஒரு கோணல். 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையமும், அதற்கு வடக்கே இன்றும் இயங்கும் வடசென்னை நிலையங்களும் மலைமலையாகச் சாம்பலைத் தந்திருக்கின்றன. அது கொசஸ்தலையாற்றில் கலந்து மீனவர்களின் வாழ்வைக் கெடுத்தது. 1999-இல் நடுவண் அரசு, மின் நிலையங்களிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்கிறவர்கள் சாம்பலைச் சேர்த்தாக வேண்டும் என்று விதித்தது. அழுத்தி வார்க்கும் சாம்பல் கல், சூளையில் வேகாததால் வளைவதில்லை, சுருங்குவதில்லை. ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். கால்வாயில் கிளிஞ்சல் வந்த வழிக்கு அருகே இன்று சாம்பல் வருகிறது. ஒவ்வொரு காலமும் தனக்குக் கிடைத்த கழிவிலிருந்தோ விளைச்சலிலிருந்தோ தன் சுவரைத் தேடிக்கொண்டிருக்கிறது. செங்குன்றம் தாண்டிய திருவள்ளூர்ச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து முன்பணத்துக்குக் கட்டுண்டு வந்த குடும்பங்கள் அறுத்த கல்லைவிட, அளவு மாறாத இந்தக் கல் கையாள எளிது.

ஆனாலும் இது பரவாததற்குக் காரணம் கல்லில் இல்லை. கட்டடச் செலவில் இத்தனை விழுக்காடு என்று கூலி வாங்குகிறவருக்கு, செலவு குறையக் குறையத் தன் வருமானமும் குறையும். நிமிர்த்தி வைத்து, பட்டை மரம் நகர்த்தி, சந்து பார்த்துக் கட்டும் கொத்தனார் நாளொன்றுக்கு எழுப்பும் சுவர் முதல் சில வாரங்களுக்காவது குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவை யார் ஏற்பது என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருப்பதில்லை. கேரளத்தில் பயிற்சி மையங்கள் அந்தச் சில வாரங்களை ஏற்றுக்கொண்டன. நம்மிடம் சாத்தாங்காட்டுக் கம்பிக்குச் சந்தை இருக்கிறது, சாம்பல் கல்லுக்கு ஆலைகள் இருக்கின்றன. நாள்கூலி கொடுத்துக் கொத்தனாரையும் சித்தாளையும் ஒரு மாதம் உட்காரவைத்து இந்த ஒரு சுவரைக் கட்டப் பழக்கும் இடத்துக்கு மட்டும் இன்னும் முகவரி இல்லை.